பண்டிகைக் காலத்துப் பணியாளர்

தீபாவளிக்காக ஜவுளிக்கடைக்கு அவசரமாக ஆள் சேர்ப்போர், புதியவரை உடனே வாடிக்கையாளர் முன் நிறுத்தாமல், ஒரு நாள் அலமாரி வரிசையையும் விலைச்சீட்டையும் காட்டி, மறுநாள் அனுபவமிக்க விற்பனையாளருக்குத் துணையாக, விரித்த புடவைகளை மடித்து அந்தந்த இடத்தில் வைக்கும் பணியை அளிப்பதே உத்தமம். ஏனெனில் மடித்து வைக்கும்போதே சரக்கின் இருப்பிடம் மனத்தில் பதிகிறது. கேட்ட ரகத்தைப் பிறரை வினவாமல் அவர் எடுத்துத் தருவாரானால், பயிற்சி பூர்த்தியாயிற்று எனலாம்.

தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் உண்டு. ஆகவே 640 ரூபாய் தினக்கூலி பேசியவர் 10 மணி நேரம் உழைத்தால், மிகுதி 2 மணி நேரத்துக்கு 320 ரூபாய் சேர்த்து, 960 ரூபாய் பெறுவார். இதைச் சேரும் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டால், கணக்குத் தீர்க்கையில் தர்க்கம் எழாது.