மறுத்த கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

(தோட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஸ்டோரில் அடிபட்டு நட்டஈடு கேட்டவருக்கு, "தரமுடியாது" என்று ஆபிசிலிருந்து கடிதம் வந்தால், கதை முடிஞ்சது என்று நம்மில் பலர் பேசாமல் இருந்துவிடுகிறோம். அது முடிவல்ல, நிர்வாகத்தின் பதில் மட்டுமே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுச் சட்டப்படி, தீர்ப்புச் சொல்பவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர். அவருக்கு நாம் எழுதலாம்.

ஒரு தோட்டத்தில், டிரையரில் வேலை செய்த அண்ணன் ஒருவரின் வலக்கை விரல்கள் இரண்டு சங்கிலியில் சிக்கித் துண்டாகிவிட்டன. "சொந்தக் கவனயீனம்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அவர் எழுதிவந்த மேன்முறையீட்டில், பிள்ளைகளின் பசியும் கடனும் ரெண்டு பக்கத்துக்கு இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்கு அதில் பதிலே இல்லை.

கவனயீனம் என்பதற்காக மட்டும் நட்டஈட்டை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. குடிபோதையில் இருந்தாரா? பாதுகாப்புக்காகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினாரா? பாதுகாப்பு மூடியைத் தெரிந்தே கழற்றினாரா? இப்படி ஏதாவது ஒன்றால் விபத்து நடந்ததென்று காட்டினால்தான் மறுக்க இடமுண்டு. ஆகவே அவரோடு உட்கார்ந்து, கடிதத்தை இப்படி மாற்றினோம்:

"அன்று நான் வேலையில் இருந்தேன். செக்ரோலில் என் பேர் இருக்கிறது. சங்கிலி மூடி இரண்டு வாரமாகவே இல்லை. அதை நான் கழற்றவில்லை. மூடியில்லாமல் ஓட்டக்கூடாதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மது அருந்தியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற இருவர் சாட்சி சொல்வார்கள். ஆகவே என் கோரிக்கையை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பார்த்தீங்களா, ஒவ்வொரு வரியும் ஒரு மறுப்புக்குப் பதில். குடும்பக் கஷ்டத்தைக் கடைசியில் ஒரு வரியில் வைத்தோம்.

இன்னொரு குறையும் இருந்தது. ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் காட்டில் காயத்தைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தது. நட்டஈட்டுத் தொகையோ, உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை வீதம் நிரந்தரமாகப் போனது என்பதைப் பொறுத்தது. எந்த விரல், எந்த மூட்டுவரை போனது என்பதற்கெல்லாம் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு உண்டு. ஆகவே டாக்டரிடம் அதை விபரமாக எழுதிக்கேட்டு, கடிதத்தோடு இணைக்க வேண்டும். "கையில் காயம்" என்று மட்டும் இருந்தால் கணக்குப் போட வழியில்லை.

விபத்து நடந்தவுடனே நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஆணையாளரிடம் கோரிக்கை வைக்க இரண்டு வருடத் தவணை உண்டு. ஆபிசுக்கும் யூனியனுக்கும் நடந்து நடந்தே அந்தக் காலத்தைக் கழித்துவிடாதீங்க. கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, துண்டையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்காரரின் பேரையும் அன்றே எழுதிவையுங்கள். நாள் போனால் சிலர் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், சிலர் பயந்துவிடுவார்கள்.

மறுத்த கடிதத்தைக் கிழித்துப் போடாதீங்க. என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. நம்ம பதிலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.