கைப்பேசியிலிருந்தே வேலைக்கு விண்ணப்பிக்கலாம்

(நமது அறக்கட்டளை அரங்கில் பெற்றோர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே! சில மாதங்களுக்கு முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த பி.காம் முடித்த தம்பி ஒருவர் தன் அத்தாவோடு என்னிடம் வந்தார். "பதினான்கு கம்பெனிக்குப் போட்டுவிட்டான், ஒருவரும் கூப்பிடவில்லை. பேரைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ?" என்று அத்தா வருத்தத்தோடு கேட்டார். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் அவர் அனுப்பியதைப் பார்ப்போம் என்று அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னேன்.

ப்ரௌசிங் சென்டரில் அடித்துக் கொடுத்த ரெஸ்யூமை அவர் கைப்பேசியில் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையே எல்லா இடத்துக்கும் அனுப்பியிருக்கிறார். வாட்ஸ்அப் வழியாகப் போய் வந்ததில் எழுத்து மங்கிவிட்டது. கோப்பின் பெயர் IMG என்று தொடங்கி WA0003 என்று முடிகிறது. அதைவிடப் பெரிய சங்கதி, ரெஸ்யூமில் இருந்தது அவர் ஒரு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட சிம் நம்பர். மின்னஞ்சலோ சென்டர்காரருடையது! யாராவது கூப்பிட்டிருந்தாலும் இவருக்குத் தெரிய வழியே இல்லை.

அன்றைக்கு அசருக்குப் பிறகு உட்கார்ந்தோம், மஃரிபுக்குள் எல்லாவற்றையும் அவருடைய கைப்பேசியிலேயே முடித்துவிட்டோம். என்ன செய்தோம் என்பதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் அவர் பெயரில், அவருக்கே பாஸ்வேர்ட் தெரிந்த ஒரு ஜிமெயில். பிறகு Google Docs செயலியில் புதிய ஆவணம் ஒன்றைத் திறந்தோம். மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Page setup-ல் தாளை A4 ஆக்கி, Print layout-ஐயும் போட்டுக்கொண்டால், தாளில் எப்படி வருமோ அப்படியே திரையில் தெரியும். கட்டம் கட்டமாக, இரண்டு பத்தியாக, வண்ணத்தோடு இருக்கும் மாதிரிகளைத் தொடவில்லை. கைப்பேசியில் அவை கலைந்துபோகும். சில இணையதளங்கள் ரெஸ்யூமைத் தாமாகவே படித்துப் படிவத்தை நிரப்பும்போதும் எல்லாம் இடம் மாறிவிடும்.

நம்மில் பலர் நிக்காஹ் பயோடேட்டாவையும் ரெஸ்யூமையும் ஒன்றாக நினைக்கிறோம். அத்தா பெயர், உடன்பிறந்தோர், உயரம், மார்க்கம் எதுவும் இதில் வேண்டாம். மேலே பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஊர். அடுத்து செய்த வேலை, படிப்பு, தெரிந்த மென்பொருள், மொழிகள். ஒரே பக்கம் போதும்.

"செய்த வேலை ஒன்றும் இல்லையே" என்றார் தம்பி. கிளறிக் கேட்டபோது, மாமாவின் ஜவுளிக்கடையில் இரண்டு வருடம் மாலை நேரத்தில் பில் போட்டதும், மாதக் கடைசியில் இருப்பு எடுத்ததும், ஜி.எஸ்.டி. கணக்குக்கு பில்களை அடுக்கி ஆடிட்டரிடம் கொடுத்ததும் வெளியே வந்தது. கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவதே இதைத்தானே! கடையின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்னென்ன செய்தார் என்று மூன்று வரி எழுதி, அதைப் படிப்புக்கு மேலே வைத்தோம். வீட்டில் இருந்தபடியே டியூஷன் எடுக்கும் தங்கைகளும் அதை இப்படியே எழுதலாம்.

முடிந்ததும் மூன்று புள்ளியில் Share & export, பிறகு Send a copy, அதில் PDF. அதை அவருடைய Drive-ல் சேமித்து, Rafiq-Resume.pdf என்பதுபோல் பெயர் வைத்தோம். பிறகு என் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். இந்தச் சோதனையை விடாதீர்கள். நம் கைப்பேசியில் திறப்பது முக்கியமில்லை, அடுத்தவர் கைப்பேசியில் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்லாமல் Document ஆக அனுப்புங்கள். தெளிவும் குறையாது, கோப்பின் பெயரும் மாறாது.

சான்றிதழ்களுக்கு Drive செயலியில் + தொட்டால் Scan வரும். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், கறுப்புத் துணி விரித்த மேசை. அதன்மேல் சான்றிதழை வைத்துப் பிடித்தால் ஓரத்தைத் தானே வெட்டி PDF ஆக்கிவிடும். விளக்கடியில் எடுத்தால் உங்கள் கை நிழலே மதிப்பெண்ணை மறைக்கும்.

ஆதார் விஷயத்தில் அநேகர் தவறுகிறார்கள். தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதாருக்குப் பாஸ்வேர்ட் உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். அப்படியே பதிவேற்றினால் எதிரே இருப்பவரால் திறக்க முடியாது. பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து, Print அழுத்தி, பிரிண்டர் இடத்தில் Save as PDF தேர்ந்து சேமித்தால் பூட்டில்லாத பிரதி கிடைக்கும். தனியார் வேலைக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் masked ஆதாரை இறக்கிக் கொடுப்பதே பாதுகாப்பு.

அரசு, வங்கித் தேர்வுகளில் போட்டோவும் கையெழுத்தும்தான் தலைவலி. வங்கித் தேர்வுப் படிவத்தில் போட்டோ 20 முதல் 50 KB, கையெழுத்து 10 முதல் 20 KB கேட்பார்கள். கைப்பேசிக் கேமராவின் படமோ அதைப்போல் ஐம்பது, நூறு மடங்கு பெரிது. தெரியாத இணையதளத்தில் ஏற்றிச் சுருக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் கையெழுத்திட்டுப் படம் எடுத்து, கையெழுத்தை ஒட்டி வெட்டுங்கள். வெட்டினாலே பாதி சுருங்கும். பிறகு அதை வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே போட்டோவாக அனுப்புங்கள். ரெஸ்யூமைக் கெடுத்த அதே சுருக்கம் இங்கே நமக்கு உதவும். வந்ததைச் சேமித்து, Details-ல் அளவைப் பாருங்கள். 10-க்குக் கீழே போனாலும் ஏற்காது. அப்போது கொஞ்சம் தளர்த்தி வெட்ட வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் Settings, Camera, Formats-ல் Most Compatible வைக்காவிட்டால் படம் HEIC ஆக வரும். JPG கேட்கும் படிவம் அதை வாங்காது.

இனி, நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கல். Mohamed, Mohammed, Muhammad என்று ஒரே பெயருக்குப் பல எழுத்து. இந்தத் தம்பிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் Mohamed Rafiq S, ஆதாரில் Mohammed Rafik, ரெஸ்யூமில் வேறொன்று. எல்லாப் படிவத்திலும், ரெஸ்யூமிலும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். ஆதார் வேறாக இருந்தால் அதே சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே எழுத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்த பிறகே கொடுங்கள். இதைத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு செய்ய நினைத்தால் நேரம் இருக்காது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் ரெஸ்யூம் வெளியே போனதும் "வேலை உறுதி, 1,500 ரூபாய் பதிவுக்கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வரலாம். தனியார் வேலைக்குப் பணம் கேட்டாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே 1930-ஐ அழையுங்கள். தமிழக அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்தில் பதிவு செய்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அந்தத் தம்பி அந்தப் பதினான்கு இடங்களில் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஐந்துக்குத் திரும்ப அனுப்பினார். இரண்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்றில் நேர்முகத்தில், "ஜவுளிக்கடையில் இருப்பு எப்படி எடுப்பீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை.

இப்போதே செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இஷா வரை இங்கேயே இருக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து வாருங்கள், கைப்பேசிக்குச் சார்ஜரும் சேர்த்து. வஸ்ஸலாம்.