பத்தாயிரம் என்றார்கள், வந்தது எட்டாயிரம்!

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள், தையல் தொழிலாளத் தோழர் ஒருவர் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் செயலியில் பத்தாயிரம் கேட்டேன், கணக்கில் எட்டாயிரம்தான் ஏறியது. மீதி எங்கே, அண்ணே?" என்றார்.

எங்கே போயிற்று? பரிசீலனைக் கட்டணம் 1,500 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 270 ரூபாய். ஆவணக் கட்டணம் 230 ரூபாய். ஆக, 2,000 ரூபாய் அவர் கண்ணில் படாமலே கழிந்துவிட்டது. ஆயிரம் என்று எழுதிக்கொண்டு எண்ணூறை எண்ணிக் கொடுத்த தண்டல்காரரை நாம் அறிவோம். அவர் திண்ணையில் அமர்ந்து செய்ததை, இவர் கண்ணாடித் திரைக்குப் பின் மறைந்து செய்கிறார்!

வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடுதான் என்றது விளம்பரம். முப்பதாம் நாள் கட்ட வேண்டியது 10,200 ரூபாய். தோழர் கையில் பெற்றதோ 8,000. அப்படியானால் கடனின் விலை 200 அன்று, 2,200! எட்டாயிரத்துக்கு முப்பது நாளில் 2,200 என்றால், ஆண்டுக் கணக்கில் 330 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே, எழுதிய தொகையை வைத்துக் கணக்கிடாதீர். கைக்கு வரும் தொகையை வைத்துக் கணக்கிடுவீர்.

தவணை நாள் நெருங்கியபோது, அதேபோன்ற இன்னொரு செயலியில் வாங்கி இதை அடைக்க எண்ணினார் தோழர். அங்கும் ஐந்தில் ஒரு பங்கு கழியுமென்றால், 10,200 கைக்கு வர 12,750 ரூபாய்க்குக் கடன் எழுத வேண்டும். அடுத்த முப்பதாம் நாள் அது 13,005 ஆகும். எட்டாயிரம் பெற்றவர், மேற்கொண்டு ஒரு காசும் பெறாமலே, அறுபதே நாளில் பதின்மூவாயிரத்துக்குக் கடனாளி! இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். துணைவியாரின் மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கிக் கடனை அடைத்தார்.

இதை முன்கூட்டியே அறிய வழி இல்லையா? உண்டு. ரிசர்வ் வங்கி 2024-இல் பிறப்பித்த ஆணைப்படி, கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தந்தாக வேண்டும். திரையில் அது Key Facts Statement என்ற தலைப்புடன் வரும். கடன் வாங்குவோர்க்குப் புரியும் மொழியில் அது இருத்தல் வேண்டும். கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த உண்மையான ஆண்டு விலையை அதில் APR என்ற வரியில் காணலாம். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான இசைவின்றிப் பிடிக்க முடியாது. முப்பது நாள் கடனாயின், அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லுபடியாகும். "ஐந்தே நிமிடத்தில் ஒப்புக்கொள்" என்று அவசரப்படுத்துவது எதற்காக? நீங்கள் கணக்குப் போடக் கூடாது என்பதற்காகத்தான்!

அடுத்த கேள்வி: கடன் தருபவர் யார்? செயலி பெரும்பாலும் தரகர்தான். அதன் பின்னே ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயரை அறிக்கையில் தேடுங்கள். பின்னர், செயலி காட்டும் இணைப்பைத் தொடாமல், நீங்களாகவே அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குச் சென்று, அவர்கள் வெளியிட்டுள்ள செயலிப் பட்டியலில் இந்தப் பெயர் உள்ளதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் தளத்திலும் 2025 முதல் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அது நிறுவனங்கள் தந்த விவரமே, நற்சான்று அன்று. பதிவு பெற்ற நிறுவனமும் அதிக விலைக்குக் கடன் தரக் கூடும். ஆகவே பெயரைப் பார்த்தபின்னும் கணக்கைப் பாருங்கள்.

நம் தோழரின் செயலியில் நிறுவனத்தின் பெயரே இல்லை. வங்கிக் கணக்கைப் புரட்டினால், பணம் யாரோ ஒரு தனியாளின் கணக்கிலிருந்து வந்திருந்தது. திருப்பிக் கட்டச் சொன்னதும் இன்னொரு தனியாளுக்கே! கடன் தரும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேரே வந்து, நேரே அங்கேயே திரும்ப வேண்டும் என்பது விதி. அது மீறப்பட்டதால் sachet.rbi.org.in தளத்தில் புகார் எழுதினோம். மிரட்டல் வந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: பணம் வருமுன்னே "கட்டணத்தை அனுப்பு" என்று ஒரு செயலி கேட்டால், அது கடனே அன்று, களவு!

எவ்வளவு கைக்கு வரும்? எவ்வளவு திரும்பக் கட்ட வேண்டும்? தருபவர் யார்? இம்மூன்றுக்கும் விடையைத் தாளில் எழுதிய பிறகே விரல் அந்தப் பொத்தானைத் தொடட்டும், தோழர்களே!