இரட்டையர் மேசைப்பந்து: யாருக்குப் பின்னால் யார் அடிப்பது?

(டிவிஷன்களுக்கு இடையிலான மேசைப்பந்துப் போட்டிக்கு முன், தோட்ட மன்றத்தில் நலன்புரி அலுவலர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்து முடிஞ்ச கையோடு வந்திருக்கீங்க. அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன். போன போட்டியில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் வந்த தகராறு உங்களுக்குத் தெரியும். அடித்ததில் தகராறு இல்லை. "இப்ப சர்வீஸ் யாருக்கு?" என்பதில்தான் தகராறு. பிறகு இரண்டு வாரம் பீலிக்கரையில்கூட ஆளுக்கு ஆள் முகம் பார்க்கவில்லை. நாலு பேர் ஆடும் ஆட்டத்தின் ஒழுங்கு தெரிந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

முதலில் மேசை. ஒன்பது அடி நீளம், ஐந்து அடி அகலம். நீளவாட்டில் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, 3 மில்லிமீற்றர் அகலம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஆடும்போது இந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. அதனாலேயோ என்னவோ நம்ம மன்றத்து மேசையில் அது எப்போதோ அழிந்துவிட்டது. இரண்டு பக்க ஓரத்திலிருந்தும் இரண்டரை அடி அளந்து, வெள்ளைப் பெயின்ற்றால் திரும்ப இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இரட்டையரில் சர்வீஸ் போடுகிறவர் தன்னுடைய வலது பாதியில் பந்தைத் தட்ட வேண்டும். அது வலையைத் தாண்டி, எதிரே வாங்குகிறவருடைய வலது பாதியில் விழ வேண்டும். எதிரில் நிற்பவருடைய வலது நமக்கு இடது பக்கமாகத் தெரியும். ஆகவே பந்து மூலைக்கு மூலை, குறுக்காகத்தான் போகும். இடது பாதியில் விழுந்தால் புள்ளி எதிராளிக்கு. நடுக்கோட்டின் மேல் விழுந்தால் அது நல்ல பந்து, ஏனென்றால் கோடு வலது பாதியோடு சேர்ந்தது. வலையில் உரசி வலது பாதியிலேயே விழுந்தால் லெட், திரும்பப் போட வேண்டும். வலையில் உரசி இடது பாதிக்குப் போனால் லெட் கிடையாது, புள்ளி போச்சு. இந்தக் குறுக்குச் சட்டம் சர்வீசுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பந்தை எதிர்ப்பக்கம் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம்.

இனி வரிசை. ஒரு பக்கம் அண்ணனும் தம்பியும், மறு பக்கம் மாமனும் மருமகனும் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் சர்வீஸ் போடுகிறார், மாமன் வாங்கி அடிக்கிறார். அடுத்தது தம்பிதான் அடிக்க வேண்டும், பிறகு மருமகன், பிறகு மறுபடி அண்ணன். பந்து அண்ணனுடைய கைக்குப் பக்கத்தில் வந்தாலும், முறை தம்பியுடையது என்றால் அண்ணன் தொடக்கூடாது. தொட்டால் புள்ளி மாமன் பக்கம். கிரிக்கெட்டில் "நான் பிடிக்கிறேன்" என்று கத்துவதுபோல இங்கே கத்திப் பயனில்லை. அடித்தவர் உடனே பின்னுக்கும் பக்கத்துக்கும் விலகி, கூட்டாளிக்கு இடம் விட வேண்டும்.

சர்வீஸ் ஆளுக்கு இரண்டு. மாறும்போது, இதுவரை வாங்கியவர் போடுவார். இதுவரை போட்டவருடைய கூட்டாளி வாங்குவார். அண்ணன் மாமனுக்கு இரண்டு, மாமன் தம்பிக்கு இரண்டு, தம்பி மருமகனுக்கு இரண்டு, மருமகன் அண்ணனுக்கு இரண்டு. எட்டுப் புள்ளியில் ஒரு சுற்று முடிந்து மறுபடி அண்ணன். ஒரு விசயம் கவனித்தீர்களா? அந்த செட் முழுக்க மாமனுக்கு வரும் பந்து அண்ணன் அடித்ததுதான். மருமகனுக்கு வருவது தம்பி அடித்தது. சங்கிலி ஒன்றேதான், அது தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது.

முறை மறந்து போனால் இரண்டு பக்கப் புள்ளியையும் கூட்டுங்கள். 6-4 என்றால் பத்துப் புள்ளி ஆடியாச்சு. முதல் எட்டு ஒரு சுற்று, அடுத்த இரண்டும் அண்ணனுடையது. ஆகவே இப்போது மாமன் தம்பிக்குப் போட வேண்டும். அந்த இடத்தில் மாமனுக்குப் பதில் மருமகன் போட்டுவிட்டார், அவர்கள் பக்கமே ஒரு புள்ளியும் எடுத்து 6-5 ஆகிவிட்டது, அதன் பிறகுதான் பிழை தெரிகிறது என்று வையுங்கள். அந்தப் புள்ளியைத் திருப்பி எடுக்க முடியாது, 6-5 அப்படியே நிற்கும். அங்கிருந்து சரியான ஆளான மாமன் தன்னுடைய இரண்டாவது சர்வீசைத் தம்பிக்குப் போடுவார். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் புள்ளியை மட்டும் திரும்ப ஆட வேண்டும். போன முறை சண்டை வந்தது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் ஆடிய புள்ளியையெல்லாம் அழிக்கச் சொன்னது. சட்டப்படி ஒன்றும் அழியாது.

10-10 வந்தால் வரிசை அதேதான், ஆனால் ஆளுக்கு ஒரு சர்வீஸ். 21 புள்ளிக் கணக்கில், ஆளுக்கு ஐந்து சர்வீசாக ஆடிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அது 2001 ஆம் ஆண்டோடு போய்விட்டது, இப்போது செட்டுக்கு 11.

அடுத்த செட்டில் சங்கிலி தலைகீழாகும். இப்போது மாமன் பக்கம் முதலில் போடும். இருவரில் யார் போடுவது என்பது அவர்கள் விருப்பம். ஆனால் வாங்குகிறவர், போன செட்டில் அவருக்குப் போட்ட ஆளாகத்தான் இருக்க வேண்டும். மாமன் போட்டால் அண்ணன் வாங்குவார், மருமகன் போட்டால் தம்பி வாங்குவார். எப்படித் தொடங்கினாலும் இனி மாமன் அடிப்பது அண்ணனுக்கு, மருமகன் அடிப்பது தம்பிக்கு. போன செட்டில் மாமனை ஓட வைத்த அண்ணன் இப்போது மாமனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

அதனால் முதல் செட்டில் "நாங்கள் வாங்குகிறோம்" என்பது விட்டுக்கொடுப்பது ஆகாது. யார் முதலில் போடுவது என்று எதிர்ப்பக்கம் சொன்ன பிறகு, யார் வாங்குவது என்று வாங்கும் பக்கம் முடிவு செய்யும். அந்தச் சங்கிலியைக் கட்டுவது அவர்கள்தான். அண்ணனுடைய சுழல் பந்தை மருமகனால் எடுக்க முடியாது, மாமனால் முடியும் என்றால் மாமனை முன்னுக்கு விடுங்கள்.

கடைசி செட்டில் இன்னொன்று உண்டு. ஒரு பக்கம் 5 புள்ளி எடுத்ததும் பக்கம் மாற வேண்டும். அதோடு, அப்போது வாங்க வேண்டிய ஜோடி தங்களுக்குள் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறப்பது. 5-3 என்று வையுங்கள். எட்டுப் புள்ளி முடிந்தது, அண்ணன் மாமனுக்குப் போட வேண்டிய நேரம். பக்கம் மாறியபின் மருமகன் முன்னுக்கு வந்து வாங்குவார். சங்கிலி அந்த இடத்தில் திரும்பிவிடும். சாதகமான வரிசை ஒரு பக்கத்துக்கே கடைசி வரை நிலைக்கக் கூடாது என்பதற்காக வைத்த சட்டம் இது.

சென்னைக்காரர்கள் சரத் கமல், சத்தியன் ஜோடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதுநலவாய விளையாட்டில் 2018 இல் கோல்ட் கோஸ்டிலும், 2022 இல் பேர்மிங்ஹாமிலும் ஆண்கள் இரட்டையர் இறுதிக்கு வந்தார்கள். இரண்டு தடவையும் எதிரே இங்கிலாந்தின் டிரிங்ஹோல், பிட்ச்ஃபோர்ட் ஜோடி. இரண்டு தடவையும் ஐந்தாவது செட் வரை போய், 3-2 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். இரண்டு இறுதியிலும் கடைசி செட்டில் 5 புள்ளியில் சங்கிலி திரும்பித்தான் இருக்கும். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களுக்கும் அதே சட்டம்.

சரத்தும் சத்தியனும் இரண்டு பேரும் வலதுகைக்காரர்கள். அப்படிப்பட்ட ஜோடி ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி விலக வேண்டியிருக்கும். 2021 இல் தோக்கியோ ஒலிம்பிக் கலப்பு இரட்டையரில் தங்கம் வாங்கிய யப்பான் ஜோடியில் மிசுதானி இடதுகை, இத்தோ வலதுகை. இடதும் வலதும் சேர்ந்தால் ஆளுக்கொரு பக்கம் விலகலாம், முட்டிக்கொள்வது குறைவு. கீழ் டிவிஷனில் இடதுகையால் ஆடுகிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். ஜோடி தேடுகிற வலதுகைக்காரர்கள் முந்திக்கொள்ளுங்கள்.

போட்டி அன்று மேசைக்குப் பக்கத்தில் ஒரு மட்டையட்டை வைப்போம். ஒவ்வொரு செட்டும் தொடங்கும்போது நாலு பேருடைய பெயரையும் அடிக்கும் வரிசையில் வட்டமாக எழுதி, அம்புக்குறி போட்டு, இரண்டு ஜோடியும் பார்த்த பிறகுதான் முதல் சர்வீஸ். கடைசி செட்டில் 5 வந்ததும் அம்புக்குறியைத் திருப்பிப் போட ஒருவர் வேண்டும். கணக்கு எழுதுகிற பிள்ளைகள் இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுங்கள்.