சாரணையா, பருப்புக்கீரையா?

நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், மேடையில பேசிப் பழக்கமில்லை. என் கத்தரிப் பாத்தியில கண்டதைச் சொல்லுறேன்.

நம்ம புன்னக்காயல் மணல்ல சாணி உரம் போடாம காய் வராது. உரத்தோட களை விதையும் வந்துருது. போன வருசம் மூட்டை உரம் வாங்கிப் போட்டு, தண்ணி விட்ட நாலஞ்சு நாள்ல பாத்தி முழுக்கச் சின்னச் செடி. "பருப்புக்கீரைதான், வளரட்டும், பறிச்சுக் கடையலாம்"னு விட்டேன். முக்காவாசி சாரணை. பூத்ததே தெரியலை. ஏன்னா, அதுக்குப் பூ இலைக் காம்படியில உள்ள பை மாதிரி உறைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். நான் பிடுங்கப் போகையில கருப்பு விதை கொட்டிருச்சு. அடுத்த நடவுக்கு அதைவிடக் கூடுதலா முளைச்சு, கத்தரி நாத்தை அமுக்கிட்டு. குழுவுல வாங்கின கடன்ல பாதி அந்தப் பாத்திக்குத்தான் போயிருந்துச்சு.

இந்தத் தடவை வேற மாதிரி செஞ்சேன். பேரு தெரியாத நாலு முளையைப் பிடுங்காம, பக்கத்துல குச்சி ஊன்றி நம்பர் போட்டேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா மக போன்ல படம் எடுத்தோம். பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வச்சு, மேல இருந்து ஒண்ணு, தரையோட ஒட்டிப் பக்கவாட்டுல ஒண்ணு. உச்சி வெயில்ல எடுத்தா இலை வெளுத்துத் தெரியுது, காலையில நிழல்லதான் நல்லா விழுது. பூத்த பிறகு பேரு உறுதியாச்சு. அப்போ பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தேன்.

முதல்ல வர்ற ரெண்டு விதையிலையை வச்சு ரெண்டையும் பிரிக்க எனக்கு முடியலை, ரெண்டுமே சதைப்பத்தா இருக்கு. அதுக்கு மேல ரெண்டு ஜோடி இலை வந்ததும் தெரிஞ்சுது. சாரணையில எதிரெதிரா வர்ற ஜோடியில ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு. இலை வட்டமா, காம்போட இருக்கும். பருப்புக்கீரையில இலைகள் கிட்டத்தட்ட ஒரே அளவு, காம்பு இல்லாத மாதிரி, நுனி அகலமா அடி ஒடுங்கி வழவழன்னு மினுங்கும். பெரிசு சிறிசு மேல இருந்து எடுத்த படத்துல தெரியும், காம்படி உறை பக்கவாட்டுப் படத்துலதான் தெரியும். அதனாலதான் ரெண்டு படம்.

நிறத்தை நம்பிராதீங்க. வெயில் பட்டா ரெண்டுக்கும் தண்டு செவக்குது.

மூணாவது குச்சி அம்மான் பச்சரிசி. படத்துல எனக்குக் குழப்பம்தான், தண்டைக் கிள்ளினா பால் வந்துரும். பால் படத்துல வராதுல்லா! அதனால கீரைன்னு பறிக்கிறதுக்கு முன்னாடி கிள்ளிப் பாருங்க, பால் வந்தா சட்டிக்கு வேண்டாம்.

நாலாவது கோரை. அடித்தண்டை விரல்ல உருட்டினா மூணு பட்டை. அதை முளையிலேயே பார்த்தாலும் சும்மா இழுத்தா பிரயோஜனம் இல்லை, கிழங்கு மண்ணுக்குள்ள நின்னுரும். கரண்டியால தோண்டித்தான் எடுக்கணும்.

இப்போ தண்ணி விட்ட பத்தாம் நாள் பாத்தியில உக்காந்து சாரணையை மட்டும் எடுக்கேன். பருப்புக்கீரையைக் கொஞ்ச நாள் விட்டு, பூக்குமுன்னே வேரோட பறிச்சு வீட்டுக்குக் கொண்டாறேன். ஈரப் பாத்தியில பிடுங்கிப் போட்டா அது திரும்ப வேர் பிடிச்சுக்கும். என் மாமியாருக்குப் படமெல்லாம் வேண்டாம், தூரத்துல இருந்தே "அது சாரணைளா"ன்னு சொல்லிருவாங்க. எனக்குத்தான் குச்சி தேவைப்பட்டுச்சு.

அந்தப் படங்கள் போன்ல இருக்கு, கூட்டம் முடிஞ்சதும் காட்டுறேன்.