குறுக்கே பேசுவது மரியாதைக் குறைவா?

ஒருவர் பேசும்போது இன்னொருவர் கூடவே பேசினால் அது மரியாதையில்லை என்கிறோம். எல்லா ஊரிலும் அப்படித்தானா?

1978-இல் கலிபோர்னியாவில் நன்றித் திருநாள் விருந்து ஒன்றில் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டே பேசியதை, மொழியியலாளர் டெபோரா டானன் ஒலிப்பதிவு செய்தார். அவரையும் சேர்த்து மூவர் நியூயார்க்கில் வளர்ந்தவர்கள். இருவர் கலிபோர்னியாக்காரர்கள். ஒருவர் இங்கிலாந்துப் பெண்.

நியூயார்க்காரர் ஒருவர் ஏதாவது சொன்னால், மற்ற இருவரும் நடுவிலேயே கேள்வி கேட்பார்கள், கூடவே பேசுவார்கள். சொல்பவர் உற்சாகமாகத் தொடர்வார். அவர்களுக்கு அது ஆர்வத்தின் அடையாளம். அதேபோன்ற கேள்விகளைக் கலிபோர்னியாக்காரர் ஒருவரிடம் வேகமாக அடுக்கியபோது அவர் தடுமாறினார், பேச்சு நின்றுபோனது. கேட்டவர்களோ அவரை ஊக்குவிப்பதாகவே நினைத்தார்கள்.

ஆக, இரண்டு குரல் சேர்ந்து ஒலிப்பதாலேயே அது குறுக்கீடு ஆகிவிடாது. சொல்பவர் பேச்சைத் தொடர்கிறாரா, நிறுத்திவிடுகிறாரா என்று கவனியுங்கள். தொடர்ந்தால் அது துணைக்குரல். நிறுத்திவிட்டால், அவர் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். முடித்த பிறகும் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள்.