ரிப்போர்ட்டில் 10.7: கர்ப்ப காலத்தில் ரத்த அளவும் இரும்புக் கணக்கும்

(கர்ப்பிணித் தாய்மார்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் காலை நல்லா நீட்டி உட்காருங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.

இப்போ ரத்தப் பரிசோதனை முடிவு பேப்பருக்கு முன்னாடியே போனுக்கு வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் திறந்து பார்க்கிறீங்க. ஹீமோகுளோபின் 10.7 என்று இருக்கும். பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு L, அதற்குப் பக்கத்தில் 12 முதல் 15 வரை இருக்க வேண்டும் என்று ஒரு அளவு. பார்த்ததுமே மாமியார் பேரீச்சம்பழம் வாங்க ஆள் அனுப்புவாங்க, அம்மா அழுவாங்க. போன வாரம் இப்படி ஒரே 10.7-ஐ வைத்துக்கொண்டு ரெண்டு பேர் என் அறைக்கு வந்தாங்க. ஒருத்தருக்கு எட்டாவது வாரம், இன்னொருத்தருக்கு இருபத்து நாலாவது வாரம். எட்டாவது வாரத்தில் இருந்தவருக்கு ரத்தசோகை. மற்றவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ரத்தசோகை இல்லை. ஒரே எண்தான், ஆனால் மாதம் வேற. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த 12-ஐப் பார்ப்போம். அது கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கான கோடு. ஆய்வகத்துக் கம்ப்யூட்டருக்கு நீங்க மாசமாக இருப்பது தெரியாது, அதனால் எல்லாருக்கும் அதே கோட்டை அச்சடித்துவிடுகிறது. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் கோடு 11. நடு மூன்று மாதத்தில் 10.5. கடைசி மூன்று மாதத்தில் திரும்பவும் 11. இதற்குக் கீழே போனால்தான் ரத்தசோகை.

நடுவில் மட்டும் ஏன் கோட்டை இறக்கினாங்க? குழம்பில் தண்ணீர் கூடினால் காரம் குறைகிற மாதிரிதான். ரத்தத்தில் ரெண்டு பங்கு இருக்கிறது. ஒன்று சிவப்பணுக்கள், ஹீமோகுளோபின் இருப்பது அதற்குள்ளேதான். மற்றொன்று பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி. கர்ப்பத்தில் ரெண்டுமே கூடும், ஆனால் ஒரே அளவில் கூடாது. பிளாஸ்மா நாற்பது, ஐம்பது சதவீதம் வரை கூடும். சிவப்பணுக்கள் இருபது, முப்பது சதவீதம்தான் கூடும். நீர் முந்திக்கொண்டு ஓடுகிறது, அணு பின்னாடி வருகிறது. அதனால் எண் இறங்கும். இது உடம்பு தெரிந்தே செய்கிற வேலைங்க. நீர்த்த ரத்தம் நஞ்சுக்கொடி வழியாக லேசாக ஓடும். பிரசவத்தில் ரத்தம் போனாலும் கையிருப்பு இருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம், போனில் கால்குலேட்டர் இருக்கிறவங்க கூடவே போட்டுப் பாருங்க. ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன்னாடி உடம்பில் 4 லிட்டர் ரத்தம், ஹீமோகுளோபின் 12.5 என்று வைத்துக்கொள்வோம். 12.5 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராம். அப்படியானால் 4 லிட்டரில் மொத்தம் 500 கிராம். எட்டாவது மாதத்தில் அவருக்கு ரத்தம் ஐந்தரை லிட்டர் ஆகிவிட்டது. உடம்பு புதுசாக சிவப்பணு செய்து மொத்த ஹீமோகுளோபினை 610 கிராமாக உயர்த்தியிருக்கிறது. 610-ஐ ஐந்தரை லிட்டருக்குப் பங்கு போட்டால் 100 மில்லிக்கு சுமார் 11.1 கிராம் வரும். ரிப்போர்ட்டில் 12.5 போய் 11.1 வந்துவிட்டது. ஆனால் உடம்பில் இருக்கிற சரக்கு 110 கிராம் கூடித்தான் இருக்கிறது. இதுதான் சரியான கர்ப்பம்.

இப்போ அதே பெண்ணிடம் புது அணு செய்ய இரும்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீர் மட்டும் வழக்கம் போல கூடும், அது யாருக்காகவும் காத்திருக்காது. பழைய 500 கிராமே ஐந்தரை லிட்டரில் கலக்கும். எண் எவ்வளவு? சுமார் 9.1. ஒரு துளி ரத்தம் வெளியே போகாமலே 9.1. "எனக்கு எங்கேயும் ரத்தப்போக்கு இல்லையே டாக்டர், எப்படிக் குறைந்தது?" என்று கேட்பவர்களுக்கு பதில் இதுதான்.

அந்த 110 கிராமுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும்? ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக 370 மில்லிகிராம் கிட்டே. உடம்பு பெரிதாக இருந்தால் 500 வரைக்கும் போகும். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து ஒரு 300 எடுத்துக்கொள்ளும். அன்றாடம் தோலிலும் குடலிலும் கழிகிறது ஒரு 200. எல்லாம் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு கிராம். கேட்க அற்பமாக இருக்கிறது இல்லையா? ஆனால் இந்தச் செலவு மாதாமாதம் சமமாக வராது. முதல் மூன்று மாதம் நாளுக்கு 1 மில்லிகிராம் போதும். கடைசி மாதங்களில் நாளுக்கு ஆறு, ஏழு மில்லிகிராம் ரத்தத்தில் சேர வேண்டும். சோறு, பருப்பு, கீரை சாப்பாட்டில் இருக்கிற இரும்பில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே பெரிது. முருங்கைக்கீரையைக் குறை சொல்லவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்க. அது மட்டும் இந்தக் கணக்கைக் கட்டாது என்பதுதான் விஷயம். அதனால்தான் நாலாவது மாதத்திலிருந்து 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த அந்த சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள்.

இனி ஒரு தங்கையின் கதையைச் சொல்கிறேன். வயது 23, ரெண்டாவது பிள்ளை. மூத்தவனுக்கு ஒன்றரை வயதுதான். அதாவது முதல் கர்ப்பத்தில் காலியான இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்குள்ளேயே அடுத்தது வந்துவிட்டது. பத்தாவது வாரத்தில் அவருக்கு 11.2. கோட்டுக்கு மேலேதான், எல்லாருக்கும் திருப்தி. இருபத்து ரெண்டாவது வாரத்தில் பார்த்தால் 9.3. நடு மாதத்துக் கோடு 10.5 என்று சொன்னேன் இல்லையா, இது அதற்கும் நல்லா கீழே. வெறும் நீர் கூடியதால் வந்த இறக்கம் இல்லை இது. ரிப்போர்ட்டில் MCV என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் பருமனைச் சொல்வது. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டியது அவருக்கு 72. நீர் மட்டும் கூடினால் அணு சிறுக்காது. இரும்பு இல்லாவிட்டால்தான் அணு சிறுத்துப் பிறக்கும். தலசீமியா என்கிற பரம்பரைக் கோளாறு இருந்தாலும் சிறுக்கும், அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

"மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா?" என்று கேட்டேன். "ஒரு நாள் விடலை மேடம்" என்றார். அட்டையை எண்ணிப் பார்த்தால் உண்மைதான். எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மறந்துவிடக் கூடாது என்று காலையில் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ரெண்டையும் ஒன்றாக வாயில் போட்டு டீயை ஊற்றி விழுங்கியிருக்கிறார். கால்சியமும் டீயும் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் பாதிகூடக் கிடைக்கவில்லை. இது அவர் தப்பில்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, அதில் நானும் சேர்த்திதான்.

அளவு 11-க்குக் கீழே போனால் நம் நாட்டுத் திட்டப்படி மாத்திரை நாளுக்கு ரெண்டு. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் திட்டத்தில் கர்ப்பம் முழுக்க 11 என்ற ஒரே கோடுதான். அதனால் ஆறாவது மாதத்தில் 10.7 இருக்கிற ஒருவருக்கு நர்ஸ் அக்கா ரெண்டு மாத்திரை கொடுத்தால் பயப்படாதீங்க. நீங்களாகவே இரட்டிப்பாக்கவும் வேண்டாம்.

இந்தத் தங்கைக்கு நேரம் பிரித்துக் கொடுத்தோம். கால்சியம் காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு பதினொரு மணிக்கு ஒன்று, ராத்திரி படுக்கப் போகும்போது ஒன்று, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ரெண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். போனில் நாலு அலாரம் வைத்துக் கொடுத்தது அவர் வீட்டுக்காரர். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் ஒரு வேளை. மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம்தான் என்று முன்கூட்டியே சொன்னோம். சொல்லாவிட்டால் பலர் பயந்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நாலு வாரத்தில் 10.4. ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும் என்பதுதான் நாங்கள் பார்க்கிற அளவுகோல், ஏறியது. இரும்பு கொடுத்ததும் இப்படி ஏறினால், குறை இரும்பில்தான் என்று அநேகமாக உறுதி. ஏறாவிட்டால் மாத்திரையை இன்னும் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. பி12 குறைவா, தலசீமியாவா, உள்ளே எங்காவது ரத்தக் கசிவா என்று தேட வேண்டும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு முப்பதாவது வாரத்தில் 10.9, முப்பத்தாறில் 11.4.

இதே 9.3 முப்பத்து நாலாவது வாரத்தில் தெரிய வந்திருந்தால் மாத்திரைக்கு நேரம் போதாது. அப்போ ஊசி வழியாக, குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி இரும்பை ஏற்றுவோம். 7-க்குக் கீழே போனால் மருத்துவமனையில் சேர்த்தே தீர வேண்டும், ரத்தமும் ஏற்ற வேண்டி வரலாம். சாதாரணப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகும். 11 இருக்கிறவர் அதைத் தாங்கிவிடுவார். 7 இருக்கிறவருக்கு அதே அரை லிட்டர் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அதனால்தான் அந்த அளவு இருப்பவர்களை வீட்டுப் பக்கத்துச் சின்ன மருத்துவமனையில் பிரசவம் பார்க்க விடுவதில்லை. தூரம் என்று கோபப்படாதீங்க.

எண் இறங்காமலே இருந்தால் சந்தோஷப்படலாமா? கடைசி மாதங்களில் 13-க்கு மேலேயே நிற்கிறது என்றால், சில பேருக்கு நீர்ப்பகுதி கூட வேண்டிய அளவு கூடவில்லை என்று அர்த்தம். அப்போ ரத்த அழுத்தத்தையும் பிள்ளையின் வளர்ச்சியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்வோம்.

உடம்பு சொல்கிற அறிகுறிகளை மட்டும் நம்பாதீங்க. படி ஏறினால் மூச்சு வாங்குவது, அசதி, இதெல்லாம் நல்ல கர்ப்பத்திலும் வரும். ஆனால் பச்சரிசியை அள்ளி மெல்வது, சாம்பல், மண், சிலேட்டுக் குச்சி தின்ன ஆசை வருவது, இதை மசக்கை என்று விட்டுவிடாமல் சொல்லுங்க. இரும்பு தீர்ந்தவர்களுக்கு அப்படி வரும்.

எந்த ரிப்போர்ட்டைக் காட்டினாலும் எத்தனையாவது வாரத்தில் எடுத்தது என்று மேலே எழுதிக்கொண்டு வாங்க. விரலில் குத்திப் பார்த்த அளவையும் ஆய்வகத்து மெஷினில் பார்த்த அளவையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அந்தத் தங்கைக்குப் பெண் குழந்தை. ரெண்டாம் நாள் எடுத்ததில் 10.5. மாத்திரையைப் பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் தொடரச் சொல்லி அனுப்பினோம். கூடவே, அட்டையை மூத்தவன் கைக்கு எட்டாத பரண்மேல் வைக்கச் சொன்னேன். சிவப்பாக, மேலே இனிப்புப் பூச்சோடு இருப்பதால் பிள்ளைகள் மிட்டாய் என்று தின்றுவிடுகிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு அட்டை இரும்பு மாத்திரை விஷம். அப்படி நடந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்க.